போகிறவரிடம் சொல்லி அனுப்புவது

ஏலச்செடி ஆளை விட உயரமாக வளரும். காய் மட்டும் தரையில்தான் கிடக்கும். தூரிலிருந்து கிளம்பும் சரம் மண்ணை ஒட்டிப் படர்ந்து, பூத்து, காய்க்கும். காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து, சருகை ஒதுக்கி, கண்ணுக்குப் படாத இடத்தில் விரலை விட்டுத்தான் விளைந்த காயைப் பார்த்துக் கிள்ள வேண்டும். அதே சருகுக்குள் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் பாம்பு குழிவிரியன். வயலில் கடி காலில் படும். ஏலக்காட்டில் கையில் படும். போடியிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்பில் மெட்டு ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் வேலைக்குப் போகிறவர்கள், அடிபட்டாலும் கடிபட்டாலும் அதே ஜீப்பில் கீழே இறங்கி வருவார்கள். வீடு இங்கே இருக்கிறது, அதனால் ஆஸ்பத்திரியும் இங்கேதான்.

அப்படி வருகிறவர்களில் சிலர், பார்த்து முடிப்பதற்குள் கிளம்பி விடுவார்கள். 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுதல்' என்று படிவத்தின் தலைப்பில் அச்சடித்திருக்கும். வார்டில் அதன் பெயர் லாமா. "ஆறாம் நம்பர் லாமா போறாங்க டாக்டர்" என்று சிஸ்டர் போனில் சொன்னால், பல இடங்களில் அதற்குப் பொருள் 'கையெழுத்து வாங்கியாகிவிட்டது, வேறு வேலை பார்க்கலாம்' என்பதுதான். படிவத்தில் இருப்பதும் மூன்று வரிதான்: என் சொந்த விருப்பத்தில் போகிறேன், ஆபத்துகள் எல்லாம் விளக்கப்பட்டன, எது நடந்தாலும் மருத்துவரோ மருத்துவமனையோ பொறுப்பல்ல. பிரசவத்துக்கு வந்தவருக்கும், மார்வலிக்கு வந்தவருக்கும், பாம்புக்கடிக்கு வந்தவருக்கும் ஒரே தாள்.

மூன்றாவது வரியால் யாருக்கும் பயனில்லை. சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் அந்த வரி காப்பாற்றாது. இல்லையென்றால் அது தேவையே இல்லை. இரண்டாவது வரிதான் சிக்கல். எந்த ஆபத்து, யாருக்கு, எப்போது, அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று எதுவும் சொல்லாமல் 'எல்லாம் விளக்கப்பட்டன' என்றால், ஒன்றும் விளக்கப்படவில்லை என்றுதான் நான் படிப்பேன். வழக்கறிஞரும் அப்படித்தான் படிப்பார். அந்த வரி இருக்கும் இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைப் பாம்புக்கடியை வைத்துச் சொல்கிறேன். நன்றாக இருப்பதுபோல் தெரிகிற ஒருவரிடம், ஆபத்து இனிமேல்தான் வரலாம் என்று சொல்லிப் புரிய வைக்க வேண்டிய நிலை இதில் எப்போதும் வரும்.

முதலில் சோதனை. நரம்பிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைப்போம். பிறகு ஒரே ஒரு முறை சாய்ப்போம். கட்டியாக இருந்தால் ரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் உறைதலைக் குலைத்துவிட்டது. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் சோதனை பொய் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் அப்படியே. இவ்வளவு எளிய சோதனை என்பதால் சின்ன ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. எளிமைதான் அதன் தொந்தரவும். கூட வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குழாயைப் பார்க்கிறார்கள். கட்டி நின்றதும் "விஷம் இல்லையாம்" என்று வராந்தா முழுக்கப் பரவிவிடும். குழாய் சொல்வது அந்த இருபது நிமிடத்தை மட்டும். அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும், குறைந்தது இருபத்து நான்கு மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றும் நம் நாட்டு நெறிமுறை சொல்கிறது.

அடுத்தது மருந்து. இந்தியாவில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுப்பதும் இந்த நான்குக்குத்தான். மலையில் இருக்கும் குழிவிரியன்கள் பட்டியலில் இல்லை. அவற்றில் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சின்னப் பாம்பு ஒன்று உண்டு. விலங்கியல் பெயர் ஹிப்னேல் ஹிப்னேல். இலங்கையில் மிக அதிகமாகக் கடிக்கும் பாம்புகளில் அது ஒன்று. நம் பக்கத்தில் அதை வெகுகாலம் அவ்வளவாக ஆபத்தில்லாத பாம்பு என்றே நினைத்திருந்தார்கள். அதன் கடி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று பாம்பை உறுதியாக அடையாளம் கண்டு இந்தியாவில் முதலில் பதிவானது 2007-ல், கேரளத்திலிருந்து. அதைச் சுருட்டை என்று நினைத்து, பலனில்லாத மருந்தைக் கொடுத்துப் பார்த்ததும் அந்தப் பதிவுகளில் வருகிறது. மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஒவ்வாமையால் மூச்சடைப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று அதற்கும் தனி ஆபத்துண்டு.

குழிவிரியன் கடித்தவர்களில் பெரும்பாலோர் வலி, வீக்கம், கொப்புளம் என்று அவதிப்பட்டுத் தேறிவிடுவார்கள். சிலருக்கு ரத்தம் உறைவது கெடும். வேறு சிலருக்கு இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் பழுதாகும். யாருக்கு என்று முதல் நாள் மத்தியானம் சொல்ல முடியாது. இதுதான் நோயாளியிடம் சொல்ல வேண்டிய உண்மை. 'போனால் செத்துப் போவீர்கள்' என்பது அவரிடம் சொல்லும் பொய். அந்தப் பொய்யைக் கேட்டவர் வீட்டில் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால், நாம் சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டார்.

இனி ஒரு நோயாளி. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயதுப் பெண். காலை 9:45-க்கு வலது நடுவிரலில் கடி. பாம்பைப் பார்த்திருக்கிறார்: "சின்னது, சருகாட்டம், மூக்கத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு." யாரும் படம் எடுக்கவில்லை, அடிக்கவுமில்லை. முற்பகல் 11:50-க்கு ஜீப்பில் வந்து சேர்ந்தார். வீக்கம் மணிக்கட்டு வரை. முதல் குழாய் கட்டியது. அடுத்தடுத்த குழாய்களும் கட்டின. கிரியாட்டினின் 0.8. வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதிக்கொண்டே வந்தோம். மாலை ஆறு மணிக்குக் கோடு முன்கையின் பாதியில் இருந்தது. ஆறரைக்கு, "நான் வீட்டுக்குப் போயிட்டு வாரேன் டாக்டரம்மா" என்றார்.

இந்த இடத்தில் முதலில் எடுக்கக் கூடாதது படிவம். முதலில் கேட்க வேண்டியது 'ஏன்?' அதற்கு வரும் முதல் பதிலை நான் நம்புவதில்லை, இரண்டாவதையும் பாதிதான். அவர் முதலில் சொன்னது: "வலி கொறஞ்சிருச்சு." வலி ஊசி எதுவும் போடாமல் பாராசிட்டமால் மட்டும் கொடுத்திருந்தோம், வலி அவ்வளவு குறையக் காரணமில்லை. இரண்டாவது: "ரத்தம் கட்டிருச்சுன்னு கங்காணி சொன்னாரு." கங்காணியையும் கூட வந்தவர்களையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, திரையை இழுத்து விட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் மூன்றாவது வந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். வீட்டில் இன்னொரு பொம்பளை ஆள் கிடையாது. "பச்ச ஒடம்புக்காரிய ராத்திரி தனியா விட்டுட்டு நான் இங்க கட்டில்ல படுத்துக் கெடக்கவா?"

நின்றுகொண்டு கேட்டால் முதல் பதிலோடு முடிந்துவிடும். உட்கார்ந்து கேட்டால் மூன்றாவது வரும். உண்மையான காரணம் தெரிந்தால் சில சமயம் படிவமே தேவைப்படாது. பணம்தான் தடை என்றால் அரசு மருத்துவமனைக்கு 108-ல் அனுப்பலாம். அது மேல் சிகிச்சைக்கு அனுப்புவது, லாமா அல்ல. இரண்டையும் கலப்பது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற சில்லறைத்தனம். கட்ட முடியாதவரிடம் 'சொந்த விருப்பத்தில் போகிறேன்' என்று எழுதி வாங்குவது எனக்கு ஒப்பாது. பில்லைக் காட்டி நோயாளியைப் போக விடாமல் பிடித்து வைப்பதும் தவறு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைச் சாசனத்தில், வெளியேறும் உரிமை தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

இவருக்குப் பணம் ஒரு பாதிதான். அரசு மருத்துவமனைக்கு அனுப்பினாலும் மகள் தனியாகத்தான் இருப்பாள். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: நாளைக்குக் காலை வரை இருக்க முடியாது, சரி, எத்தனை மணி வரை இருக்க முடியும்? பக்கத்து வீட்டு அக்காவிடம் போனில் பேசினார். ஒன்பதே முக்கால் வரை பார்த்துக்கொள்வதாக அந்த அம்மா ஒத்துக்கொண்டார். கடித்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் கணக்கு. இருபத்து நான்குக்குப் பாதிதான், ஆனாலும் ஆறரைக்கே போவதை விட மூன்று நான்கு குழாய் அதிகம். இருந்தால் முழுசாக இரு, இல்லையேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று பேசுகிறவர்களுக்கு இந்த மூன்று மணி நேரம் கிடைக்காது.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் விளக்கினேன். அவர் கேட்ட ஒரு கேள்வியை எழுதியே ஆக வேண்டும்: "இதுக்கு மருந்தே இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் இருந்து என்ன பண்ண?" நியாயமான கேள்வி. விஷமுறிவு கிடையாது என்பதால்தான் கூட இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். உறைதல் கெட்டால் உடனே தெரிய வேண்டும். பாம்பு எது என்பது நூற்றுக்கு நூறு உறுதியில்லை; குட்டிக் கண்ணாடி விரியனாகவோ சுருட்டையாகவோ இருந்தால் மருந்து உண்டு, அதை நேரத்தோடு கொடுக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டால், முதல் நாளே தெரிந்தால் ஒரு கணக்கு, நான்காம் நாள் முகம் வீங்கி வந்தால் வேறு கணக்கு.

விளக்கி முடித்ததும் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் புரியவில்லை என்பது மரியாதைக் குறைவு. நான் கேட்பது: "வீட்டுக்குப் போனதும் மக கேப்பாள்ல, என்ன சொல்வீங்க?" அவர் சொன்னது: "ரத்தம் கட்டிருச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாகன்னு சொல்வேன்." பத்து நிமிடம் பேசியதில் மிஞ்சியது அவ்வளவுதான். இப்படி வந்தால் அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, மறுபடி வேறு மாதிரி சொல்ல வேண்டும். நிறையச் சொன்னதுதான் கோளாறு. இந்த முறை மூன்றே விஷயம் சொன்னேன். அடுத்த குழாய் வைத்தபோது கூப்பிட்டுக் காட்டி, இது இந்த நேரத்துக்கு மட்டும்தான் என்றேன். மறுபடி கேட்டதும் வந்தது வேறு பேச்சு. அதை அவர் சொன்னபடியே எழுதினேன்.

அன்றைய குறிப்பை இங்கே தருகிறேன். கேஸ் ஷீட்டில் இருந்ததும் அவர் கையில் கொடுத்த நகலும் ஒன்றுதான். சுருக்கெழுத்து மட்டும் நகலில் கிடையாது.

> இரவு 9:50. காலை 9:45-க்கு ஏலத்தோட்டத்தில் வேலை நேரத்தில் வலது நடுவிரலில் பாம்புக்கடி. பாம்பு குழிவிரியனாக இருக்கலாம், உறுதியில்லை. மதியம் 12 முதல் இரவு 9:45 வரை பார்த்த எல்லாக் குழாய்களிலும் ரத்தம் உறைந்தது. வீக்கம் 12 மணிக்கு மணிக்கட்டு, 6 மணிக்கு முன்கைப் பாதி, 9:45-க்கு முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே. கிரியாட்டினின் 0.8 (மதியம்). மாலை 4-க்குப் பிறகு ஒருமுறை சிறுநீர், நிறம் இயல்பு. இமை, கழுத்து, மூச்சு இயல்பு. விஷமுறிவு மருந்து கொடுக்கவில்லை.
>
> நாங்கள் சொன்னது: நாளை காலை 10 வரையாவது இங்கே அல்லது அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும், அதன்பின் இரண்டு நாள் சிறுநீரகச் சோதனை வேண்டும். இருக்க முடியாததற்கு அவர் சொன்ன காரணம்: பிரசவித்த மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். மாற்றாகப் பேசியது: அரசு மருத்துவமனைக்கு 108-ல் செல்வது (மறுத்தார்), இரவு 9:45 வரை இருப்பது (ஒப்புக்கொண்டார், இருந்தார்).
>
> சொன்ன ஆபத்துகள்: பெரும்பாலோர் தேறுவார்கள். சிலருக்கு ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம், விரல் தசை அழுகலாம். அரிதாக உயிருக்கும் ஆபத்து. இவை இன்று இரவு முதல் மூன்று நாளுக்குள் தெரியலாம்.
>
> அவர் சொன்னபடி: "கட்டுன ரத்தம் இப்பத்திக்குத்தான். ராத்திரி மாறினாலும் மாறும். ஒண்ணுக்குக் கொறஞ்சாலோ கறுத்துப் போனாலோ, ஈறுல ரத்தம் வந்தாலோ விடியட்டும்னு இருக்கப்படாது, 108-க்கு அடிக்கணும். வலிக்குன்னு எங்கயும் ஊசி போட்டுக்கிறப்படாது."
>
> சுயநினைவுடன், குழப்பமின்றி, மது அருந்தாமல், தானே முடிவெடுத்தார். கணவர் உடன் இருந்தார், முடிவு நோயாளியுடையது. நாளை காலை 7 மணிக்கு வரச் சொல்லி இருக்கிறோம். எப்போது வந்தாலும் பார்ப்போம் என்று சொல்லப்பட்டது.

இதை எழுதி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எதற்காக எது இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். குழாய் வைத்த நேரங்களும் வீக்கத்தின் கோடும் அடுத்து பார்க்கப் போகிற மருத்துவருக்கு. எந்த வேகத்தில் ஏறியது என்பது வெறும் 'வீக்கம் உள்ளது' என்பதில் தெரியாது. 'வேலை நேரத்தில், தோட்டத்தில்' என்பது நாளைக்கு இழப்பீட்டுக் கேள்வி வந்தால் அந்தக் குடும்பத்துக்கு. கடி மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் என்றிருக்கையில் எந்த மாநிலத்தில் நடந்தது என்பதே பின்னால் சண்டையாகும். ஊசி வேண்டாம் என்பது எங்கள் பக்கத்துக்கு மிகவும் அவசியம். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கு ஆகாது. உறைதல் கெட்டிருக்கும்போது தசையில் போடும் எந்த ஊசியும் உள்ளே ரத்தக்கட்டை உண்டாக்கலாம். லாமா போனவர் மறுநாள் தெருமுனைக் கிளினிக்கில் போட்டுக்கொள்வது பெரும்பாலும் அதே ஊசிதான்.

கடைசி வரி, 'எப்போது வந்தாலும் பார்ப்போம்', சட்டத்துக்காக எழுதியதல்ல. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் மறுபடி சேர்க்க மாட்டார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். சில இடங்களில் சிஸ்டர்களே கோபத்தில் அப்படிச் சொல்லி அனுப்புவதுண்டு. அந்த நம்பிக்கையோடு போனவர் ராத்திரி சிறுநீர் கறுத்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு விடியும் வரை காத்திருப்பார்.

கையெழுத்து யாருடையது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வழக்கமாக 'அட்டெண்டர்' கையெழுத்து என்று கணவரையோ, அண்ணனையோ, வந்த கங்காணியையோ போட வைப்பார்கள். நோயாளி பெண் என்றால் இது இன்னும் அதிகம். நினைவோடு இருக்கும் வயது வந்தவருக்காக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது என்பதை 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லியில் ஒரு பெண்ணைச் சோதனைக்காக மயக்கத்தில் ஆழ்த்தியிருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். தாயின் சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு. சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதற்கு அப்படி என்றால், சிகிச்சையை மறுப்பதற்கும் அப்படியே. கணவர் சாட்சியாகப் போடட்டும், தடையில்லை. கைநாட்டு என்றால், வாசித்துக் காட்டியது யார், எந்த மொழியில் என்று எழுதி, ஆஸ்பத்திரி ஆள் அல்லாத ஒருவரையும் சாட்சியாக வைத்துக்கொள்வேன். கையெழுத்தே போட மாட்டேன் என்று போகிறவர்களும் உண்டு. அப்போது மறுத்ததை நேரத்தோடு எழுதிவிட்டு, நகலைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு சரி. வாசலில் மறிக்க நமக்கு உரிமையில்லை.

முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரிடம் மட்டும் இந்தத் தாளே செல்லாது. சாயங்காலம் சரக்கடித்துவிட்டு வரப்பில் கடிபட்டு வருகிறவர் இருக்கிறார். கட்டுவிரியன் கடித்து இமை சரியத் தொடங்கியவர் இருக்கிறார். அவருக்குப் பேச்சு குழறுவதே விஷத்தின் வேலை. அவர்கள் போட்ட கையெழுத்து அழகாகவே இருந்தாலும் அதை நம்பி அனுப்பக் கூடாது.

அந்தப் பெண் ஏழு மணிக்கு எங்களிடம் வரவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒன்றுக்குப் போனபோது மிகக் கொஞ்சமாக, டீத்தண்ணி நிறத்தில் போயிருக்கிறது. மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் தாளை வாசித்துவிட்டு 108-ஐக் கூப்பிட்டிருக்கிறாள். வண்டி அவரை க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனது. அங்கே பணியில் இருந்தவர், தாளில் இருந்த எண்ணில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வலி ஊசி ஏதாவது போட்டீர்களா? இல்லை என்றேன். குழாய் நேரமும் பழைய கிரியாட்டினின் அளவும் அவர் முன்னால் இருந்தன. கிரியாட்டினின் 2.6 வரை ஏறி, டயாலிசிஸ் இல்லாமலே மெல்ல இறங்கியது. நடுவிரல் நுனியில் தோல் கறுத்து உரிந்தது.

இதை வைத்து, போனதால்தான் சிறுநீரகம் கெட்டது என்று சொல்ல முடியாது. எங்கள் கட்டிலில் படுத்திருந்தாலும் கெட்டிருக்கும். ஊசிக்கும் மருந்துக்கும் அந்த விஷம் கட்டுப்படாது. போனதால் இழந்தது சில மணி நேரம். தாள் இல்லாமல் போயிருந்தால் இழப்பு சில நாட்களாக இருந்திருக்கும்.

இந்த முறை முழுக்கத் தமிழ் பேசுகிறவர்களை வைத்து உருவானது. இப்போது ஏலத்தோட்டங்களில் ஜார்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து குடும்பமாகத் தங்கி வேலை செய்கிறவர்கள் அதிகம். அவர்களில் ஒருவர் கிளம்ப வேண்டும் என்றால், கூட வந்த கங்காணிதான் அரைகுறை இந்தியில் பேசுவார். நான் தமிழில் நான்கு வாக்கியம் சொல்ல, அவர் அரை வாக்கியம் சொல்ல, நோயாளி தலையாட்டுவார். 'மகளிடம் என்ன சொல்வீர்கள்' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் கங்காணிக்குப் புரிந்ததைத்தான் காட்டும். போதாததற்கு, ஆள் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவதில் கங்காணிக்கு ஆதாயம் இருக்கிறது. பில்லும் அவர் கையில்.

இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. செய்யக்கூடியது ஒன்று: கங்காணியை வெளியே அனுப்பிவிட்டு, அதே லயத்தில் இருக்கும், கொஞ்சம் தமிழ் பழகிய சக தொழிலாளி ஒருவரைப் போனில் பிடிப்பது. பெரும்பாலும் கடைக்கு வந்து போகிற பையன் யாராவது இருப்பான். ஒலிபெருக்கியில் போட்டு, ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பக் கேட்பது. நேரம் இரண்டு மடங்காகும். நோயாளி சொன்னதை எனக்குப் பொருள் தெரியாவிட்டாலும் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அந்தப் பையன் சொன்ன தமிழையும் எழுதிக்கொள்கிறேன். யார் மொழிபெயர்த்தார், அவருக்கு என்ன உறவு, அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று ஒரு வரி. போன் கிடைக்காத ராத்திரிகளில், 'நோயாளி புரிந்துகொண்டார்' என்று எழுதுவதில்லை. 'சைகையால் விளக்கினோம், சிறுநீர் நிறத்தைக் காட்டியபோது தலையசைத்தார், மற்றவை புரிந்ததா என உறுதி செய்ய முடியவில்லை' என்று எழுதி, பணியில் இருக்கும் சிஸ்டரிடம் காலையில் தோட்டத்து ஸ்டோருக்குப் போன் போட்டு அவரையே பேச வைக்கும்படி சொல்லிவிட்டுப் போகிறேன்.